ஒரே ‘நொச்சி’க்கு இரண்டு xn-- ஏன் வருகிறது?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் மூலிகைத் தோட்டத்துக்கு ‘நொச்சி.இலங்கை’ என்று டொமெயின் பதியலாம் என்று இருக்கிறோம். போனில் தட்டி மாற்றினால் `xn--hlca4byf5bt` வருகிறது. அச்சகம் தந்த பெயர்ப்பலகைக் கோப்பில் இருந்து ஒட்டி மாற்றினால் `xn--hlca4b6eh2bzc` வருகிறது. இரண்டையும் திருப்பி மாற்றினால் ‘நொச்சி’ என்றுதான் காட்டுகிறது. எது சரி? சேர்வரில் எதைப் போடுவது?

பதில்:

முதலாவதுதான் சரி. `xn--hlca4byf5bt` என்பதையே எல்லா இடத்திலும் போடுங்கள். இரண்டாவதை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், அச்சகக் கோப்பில் இருந்து இனிமேல் ஒட்டவும் வேண்டாம். காரணத்தை விளங்கிக்கொண்டால் நாளைக்கு வேறொரு பெயரில் இதே சிக்கல் வரும்போது நீங்களே பிடித்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற உங்கள் இரண்டு நொச்சியும் கணினிக்குள் இரண்டு வேறு சொற்கள். யூனிகோட்டில் ‘நொ’வை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ந என்ற எழுத்தும் அதன் பின் ‘ொ’ என்ற ஒரே குறியும் வருவது ஒரு விதம். ந, அதன் பின் ஒற்றைக் கொம்பு ‘ெ’, அதன் பின் கால் ‘ா’ என்று மூன்று குறியாக வருவது மற்ற விதம். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரித்தான் வரைந்து காட்டும். பைதனில் குறியெண்களைப் பார்த்தால் வேறுபாடு வெளியே வந்துவிடும்:

```
போன்:    0xba8 0xbca 0xb9a 0xbcd 0xb9a 0xbbf
அச்சகம்:  0xba8 0xbc6 0xbbe 0xb9a 0xbcd 0xb9a 0xbbf
```

மேலே ஆறு குறி, கீழே ஏழு. `0xbca` இருந்த இடத்தில் கீழே `0xbc6`, `0xbbe` என்று இரண்டு நிற்கின்றன.

அச்சகத்தில் இது எப்படி நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. எங்கள் பக்கத்தில் பெயர்ப்பலகை, அழைப்பிதழ், நினைவுமலர் எல்லாம் இன்றைக்கும் பெரும்பாலும் பாமினியில்தான் தட்டுகிறார்கள். பாமினியில் நொச்சியைத் தட்டினால் `nehr;rp`. அதாவது முதலில் கொம்பு, பிறகு ந, பிறகு கால். எழுதுகிற வரிசையில் உருவங்களை அடுக்குகிற முறை அது. அதை யூனிகோட்டுக்கு மாற்றுகிற நல்ல மாற்றி, கொம்பை ந-வுக்குப் பின்னால் கொண்டுபோய், காலோடு சேர்த்து ‘ொ’ என்ற ஒரே குறியாக்கிவிடும். அரைகுறை மாற்றி கொம்பைப் பின்னால் தள்ளுவதோடு நின்றுவிடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், ஆகவே மாற்றியில் பிழை இருப்பதாக யாரும் முறையிடுவதில்லை.

இனி பியூனிகோட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். டொமெயின் பெயர்களைத் தேடித் தருகிற டிஎன்எஸ் அமைப்பு ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு ஆகியவற்றோடுதான் வேலை செய்கிறது. தமிழ்ப் பெயரை அந்த எழுத்துகளுக்குள் அடக்கித் தருகிற வழிதான் பியூனிகோட். அப்படி அடக்கிய பெயர் என்பதற்கு அடையாளமாக முன்னால் நிற்பதுதான் `xn--`. அடம் கொஸ்டெல்லோ எழுதி 2003 இல் `RFC 3492` ஆக வெளிவந்தது. அது எழுத்தின் ஒலியையோ உருவத்தையோ பார்ப்பதில்லை, குறியெண்ணை மட்டும்தான் பார்க்கும். இரண்டு விதமாகச் சேமித்த நொச்சியைக் கொடுத்தால் இரண்டு விதமாகத்தான் திருப்பித் தரும். பிழை பியூனிகோட்டில் இல்லை, அதற்குள் போன சரக்கில் இருக்கிறது.

சொல்லை அது இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு போவதில்லை. குறியெண் சிறியதில் இருந்து பெரியதற்குப் போகும். திருப்பி வாசிக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். வேலியில் இடைக் கதியால் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றிரண்டு கதியால் நிற்கும், பிறகு இடைவெளி பார்த்து அங்கங்கே மற்றவற்றை நடுவோம். பியூனிகோட்டை வாசிக்கும்போதும் சொல் அப்படித்தான் வளர்கிறது. உங்கள் சரியான வடிவத்தைத் துண்டு துண்டாக வாசித்தால் இப்படி வரும்:

```
hlc   ச
a     சச
4b    நசச
yf    நசசி
5b    நொசசி
t     நொச்சி
```

ச-வின் குறியெண் 2970, இந்தச் சொல்லில் ஆகச் சிறியது. அதனால் இரண்டு ச-வும் முதலில் வந்து நிற்கின்றன. அடுத்தது ந (2984), பிறகு ‘ி’ (3007), பிறகு ‘ொ’ (3018), கடைசியாகப் புள்ளி (3021).

ஒவ்வொரு துண்டும் ஓர் எண். அந்த எண் ‘எந்தக் குறி’, ‘எந்த இடம்’ இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. வேலியோரம் ஒருவர் நடந்து போகிறார் என்று வையுங்கள். கையில் இப்போது ஒரு குறியெண் இருக்கிறது. ஒவ்வொரு இடைவெளியிலும் ‘இங்கே நடவா?’ என்று கேட்டபடி போகிறார். கடைசி இடைவெளியையும் தாண்டிவிட்டால் கையில் உள்ள எண்ணை ஒன்று கூட்டிக்கொண்டு மறுபடி தொடக்கத்துக்கு வருகிறார். எத்தனை இடைவெளியை நடாமல் தாண்டினார் என்பதுதான் நாம் எழுதி வைக்கிற எண்.

`5b` என்ற துண்டை எடுப்போம். அதன் மதிப்பு 52. அந்த நேரத்தில் வேலியில் ‘நசசி’ என்று நான்கு குறி நிற்கிறது, ஆகவே ஐந்து இடைவெளி. ‘ி’யைக் கடைசியில் நட்டுவிட்டு நிற்கிறவர் கையில் 3007 இருக்கிறது. அவர் முன்னால் உள்ள கடைசி இடைவெளியைத் தாண்டுகிறார், அது 1. எண் 3008 ஆகிறது. அதில் இருந்து 3018 வரை பத்து சுற்று, சுற்றுக்கு ஐந்து இடைவெளி, அது 50. பிறகு 3018ஐக் கையில் வைத்துக்கொண்டு ந-வுக்கு முன்னால் உள்ள இடைவெளியைத் தாண்டுகிறார், அது 1. மொத்தம் 52. இப்போது நிற்பது ந-வுக்கும் ச-வுக்கும் நடுவில். அங்கே ‘ொ’வை நடுகிறார், ‘நொசசி’ வந்துவிட்டது.

அந்த 52 எப்படி `5b` ஆனது? எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு: a முதல் z வரை 0 முதல் 25, இலக்கம் 0 முதல் 9 வரை 26 முதல் 35. ஆக மொத்தம் 36. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. வந்த எழுத்தின் மதிப்பு வரம்பை விடக் குறைவென்றால் எண் அங்கே முடிந்தது என்று பொருள். இல்லையென்றால் இன்னும் எழுத்து வருகிறது. இதனால்தான் துண்டுகளுக்கு நடுவில் பிரிப்புக் குறி எதுவும் தேவைப்படவில்லை. `5b`யில் முதல் இடத்தின் வரம்பு 15. `5` இன் மதிப்பு 31, வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே தொடர்கிறது. அடுத்த எழுத்தின் எடை 36இல் இருந்து 15 போக 21. `b`யின் மதிப்பு 1. 31உம் 21உம் 52.

வரம்பு ஒரே நிலையில் நிற்பதில்லை, சற்று முன் வந்த எண் எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும். இதை எழுதியவரின் கெட்டித்தனம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நடை 128இல் தொடங்குவதால் தமிழ் எழுத்துகள் இருக்கிற 2944–3071 பகுதிக்கு வர முதலில் ஒரு பெரிய தாவல் வேண்டும். அந்தத் தாவலுக்குத்தான் `hlc` என்ற மூன்று எழுத்தும் செலவாகிறது: 7 + 11×35 + 2×1225 = 2842. அதை 128ஓடு கூட்டினால் 2970, அதாவது ச. தமிழ்ப் பகுதிக்குள் வந்தபின் தாவல்கள் எல்லாம் சிறியவை. வரம்பும் அதற்கேற்ப மாறுவதால் ஒன்றிரண்டு எழுத்திலேயே வேலை முடிகிறது.

இதில் இருந்து கைக்கு உதவியான ஓர் அடையாளம் கிடைக்கிறது. ஆங்கில எழுத்தோ இலக்கமோ சிறுகோடோ கலவாத தமிழ்ப் பெயர் என்றால் `xn--`க்குப் பின் மூன்றாவது எழுத்து எப்போதும் `c`தான். சொல்லில் ஆகச் சிறிய குறியெண் க என்றால் `clc`, ச என்றால் `hlc`, இ என்றால் `xkc`. ‘இலங்கை’ `xn--xkc2al3hye2a`, ‘இந்தியா’ `xn--xkc2dl3a5ee0h`, ‘சிங்கப்பூர்’ `xn--clchc0ea0b2g2a9gcd`. சிங்கப்பூர் ச-வில் தொடங்கினாலும் அதற்குள் க இருப்பதால் `clc` வந்திருக்கிறது பாருங்கள். ‘நொச்சி2’ போல இலக்கம் சேர்த்தால் அந்த 2 முன்னுக்கு வந்து `xn--2-` என்று தொடங்கும், அப்போது இந்த அடையாளம் உதவாது.

இனி அச்சகத்தின் நொச்சியையும் அதே மாதிரி வாசிப்போம்:

```
hlc   ச
a     சச
4b    நசச
6e    நாசச
h     நாசசி
2b    நொசசி
zc    நொச்சி
```

முதல் மூன்று வரியும் மற்றதோடு ஒன்று. நாலாவது வரியில் ‘நாசச’ என்று வருகிறதே, பிழை அங்கேதான் முகம் காட்டுகிறது. கால் ‘ா’வின் குறியெண் 3006, கொம்பு ‘ெ’யின் குறியெண் 3014. கால் சிறியதால் முதலில் அது வந்து ந-வோடு ஒட்டி ‘நா’ ஆகிறது. இரண்டு படி கழித்து `2b` வந்து நடுவில் கொம்பைச் செருகியதும்தான் ‘நொ’ மாதிரித் தெரிகிறது. உங்களுடைய இரண்டு வடிவமும் `hlca4b` வரை ஒன்றாக ஓடி அதற்குப் பிறகு பிரிவதும் இதனால்தான். ந, ச, ச மூன்றும் இரண்டு சொல்லுக்கும் பொது. பொதுவாக, ஒரே பெயரென்று தெரிகிற இரண்டு xn-- முன்பாதி ஒத்து பின்பாதி பிரிந்தால், குறியெண் பெரிய பக்கத்தில், அதாவது கொம்பு, கால், புள்ளி இருக்கிற பக்கத்தில் தேடுங்கள்.

சரி, இரண்டில் முதலாவதுதான் சரி என்று எதை வைத்துச் சொல்கிறேன்? டொமெயின் பெயர்களுக்கான விதி 2010இல் `IDNA2008` என்ற பெயரில் திருத்தி வெளியானது. அதன்படி பெயர் `NFC` என்ற சேர்த்தெழுதிய வடிவத்தில் இருக்கவேண்டும். கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் ‘ொ’ ஆக்கிவிடுவதுதான் அந்த வடிவம். பிரவுசரில் யாராவது நொச்சி.இலங்கை என்று தட்டினால், எந்த விதமாகத் தட்டியிருந்தாலும் பிரவுசர் முதலில் `NFC` ஆக்கிவிட்டுத்தான் பியூனிகோட்டுக்குக் கொடுக்கும். ஆகவே தமிழில் தட்டுகிற எவரும் `xn--hlca4byf5bt`க்குத்தான் போவார்கள். `xn--hlca4b6eh2bzc` என்ற முகவரிக்கு ஒரு தமிழ்ச் சொல்லில் இருந்து போய்ச் சேர வழியே கிடையாது.

தமிழில் இப்படி இரண்டு விதமாக எழுதி, `NFC` ஒன்றாக்கித் தருகிறவை நான்குதான்: ‘ொ’, ‘ோ’, ‘ௌ’, ‘ஔ’. வன்னியின் ஊர்ப்பெயர்களை வைத்துச் சொன்னால் கிளிநொச்சி, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், பொக்கணை, கோணாவில் எல்லாம் இதில் மாட்டும். முல்லைத்தீவு, பூநகரி, நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு மாட்டாது. அவற்றில் வருகிற ‘ை’, ‘ூ’, ‘ே’ ஒவ்வொன்றும் தனிக் குறி, பிரித்து எழுத இடமில்லை.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லவேண்டும். ஒரு வாசிகசாலைக்கு ஏற்கனவே இருந்த டொமெயினுக்குக் கீழே ‘தோட்டம்’ என்று ஒரு தமிழ்த் துணைப்பெயர் போட்டுக் கொடுத்தேன். பெயரை அவர்களது அழைப்பிதழ்க் கோப்பில் இருந்து ஒட்டி, ஓர் இணையப் பக்கத்தில் பியூனிகோட்டாக மாற்றி, வந்ததைச் சேர்வரில் எழுதினேன். xn-- வடிவத்தைக் கொடுத்து `dig` போட்டால் பதில் வந்தது, `curl` போட்டால் பக்கம் வந்தது. ஆனால் வாசிகசாலைப் பிள்ளைகள் போனில் தமிழில் தட்டினால் அப்படி ஒரு முகவரியே இல்லை என்றது. சேர்வர் பதிவேட்டைப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை. கேள்வி சேர்வரை எட்டவே இல்லை, டிஎன்எஸ்ஸிலேயே நின்றுவிட்டது. சேர்வரில் பிழை தேடியே இரண்டு நாள் போனது. கடைசியில் போனில் தட்டிய பெயரை எனக்கு அனுப்பச் சொல்லி, அதை மாற்றிப் பார்த்தபோதுதான் வேறு xn-- வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டொமெயின் பெயரைப் பதியும்போது பதிவகம் ஒருமுறை சரிபார்க்கும். உங்கள் டொமெயினுக்குக் கீழே நீங்களே எழுதுகிற துணைப்பெயரை யாரும் பார்ப்பதில்லை. `xn--`க்குப் பின் எதை எழுதினாலும் டிஎன்எஸ்ஸுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துதான். உங்கள் தோட்டத்துக்குப் பின்னாளில் துணைப்பெயர்கள் போடும்போது கவனம் அங்கேதான் வேண்டும்.

மாற்றுவதற்கு நான் பாவிக்கிறது இவ்வளவுதான்:

```python
import unicodedata
s = input().strip()
t = unicodedata.normalize("NFC", s)
print([hex(ord(c)) for c in s])
print("xn--" + t.encode("punycode").decode())
```

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பைதனின் `punycode` தானாக எதையும் சேர்த்தெழுதாது, கொடுத்ததை அப்படியே மாற்றும். நீங்கள் பாவித்த மாற்றியும் அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். பைதனுக்கென்று தனியாக நிறுவிக்கொள்கிற `idna` பொதி இன்னும் நல்லது. பிரித்தெழுதிய நொச்சியை `idna.encode`க்குக் கொடுத்தால் சத்தமில்லாமல் பிழையான xn-- தராமல், `NFC` வடிவத்தில் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். டொமெயின் பெயரில் புள்ளியால் பிரிகிற ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். நொச்சியைத் தனியாகவும் இலங்கையைத் தனியாகவும் மாற்றி நடுவில் புள்ளி வைக்கவேண்டும். பெயர் முழுவதையும் ஒரே மூச்சில் `punycode`க்குக் கொடுத்தால் வருவது எதற்கும் உதவாது.

`NFC` போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் கைக்கு எட்டாத ஒன்று இருக்கிறது, அதுவும் பாமினிப் பழக்கத்தில் இருந்து வருவதுதான். பாமினியில் ‘கௌ’ தட்டுவதற்கு கொம்பு, க, அதன் பின் ள என்று தட்டுவோம். ‘ௌ’வின் வலப்பக்க உருவமும் ள என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்று. மாற்றி அதை அப்படியே கொண்டுவந்தால் கௌரி என்ற பெயர் உள்ளே க, ெ, ள, ர, ி என்று ஐந்து குறியாக இருக்கும். அதாவது ‘கெ-ள-ரி’. இதை `NFC` தொடாது, ஏனென்றால் ள என்பது உண்மையான ஓர் எழுத்து. ‘கெள’ என்று ஒருவர் வேண்டுமென்றே எழுதியிருக்கலாம், அதைக் கணினி மாற்றக்கூடாது. ஆகவே இரண்டும் விதிப்படி சரியான, வெவ்வேறு பெயர்கள்:

```
கௌரி    xn--clc8c1b9b
கெளரி   xn--clc8ci3c6a
```

பல எழுத்துருக்களில் இந்த இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. நொச்சியில் பிழையான வடிவத்துக்கு யாரும் போக முடியாது, அதனால் ஆபத்துக் குறைவு. இங்கே இரண்டு முகவரிக்கும் ஆட்கள் போக முடியும். போனில் தட்டுகிறவர் ஒன்றுக்கும், பழைய பழக்கத்தில் கணினியில் தட்டுகிறவர் மற்றதுக்கும் போவார். என்னிடம் கேட்டால், ‘ௌ’ வருகிற பெயரைத் தமிழ் டொமெயினுக்கு எடுக்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். எடுத்தே ஆகவேண்டும் என்றால் குறியெண்ணில் `0xbcc` இருக்கிறதா என்று பார்த்து உறுதிசெய்துவிட்டுப் பதியுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. சில கோப்புகளில் எழுத்துகளுக்கு நடுவிலோ சொல்லின் கடைசியிலோ `U+200C` என்ற அகலமில்லாத குறி ஒட்டிக்கொண்டு வரும். ‘க்ஷ’வைச் சேரவிடாமல் க், ஷ என்று பிரித்துக் காட்டுவதற்குப் பாவிக்கிற குறி அது. நொச்சியின் கடைசியில் அது ஒட்டியிருந்தால் வருவது `xn--hlca4byf5bt7937a`. உங்கள் சரியான வடிவம் முழுதாக இருக்கிறது, பின்னால் `7937a` என்று ஒரு வால். அதன் குறியெண் 8204, தமிழ் எழுத்து எல்லாவற்றையும் விடப் பெரியது. அதனால் அது கடைசியாக வருகிறது, அவ்வளவு தூரம் தாவுவதற்கு ஐந்து எழுத்தும் செலவாகிறது. மேலே தந்த நிரலில் உள்ள `strip()` வெற்றிடத்தை நீக்கும், இதை நீக்காது. குறியெண் பட்டியலில் `0xb`யில் தொடங்காத ஒன்று தெரிந்தால், பெயரை வெறும் கையால் மறுபடி தட்டுவதுதான் சுருக்கமான வழி.

நீளத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். ஒரு துண்டு `xn--` உட்பட 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. நொச்சிக்கு ஆறு குறிக்குப் பதினொரு எழுத்துத்தான் ஆகியிருக்கிறது. அந்தக் கணக்கில் சுமார் 30 குறி வரை இடமிருக்கிறது. சங்கத்தின் முழுப்பெயரையும் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதப் போகிறவர்கள்தான் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பதிந்தபின் டிஎன்எஸ் பதிவு, சேர்வர் அமைப்பு, பாதுகாப்புச் சான்றிதழ் மூன்றிலும் தமிழை எழுதாமல் இந்த வடிவத்தை எழுதுங்கள். பிரவுசர் சேர்வரிடம் வந்து பெயர் சொல்லும்போது xn-- வடிவத்தில்தான் சொல்லும், அதனால் என்ஜின்எக்ஸில் தமிழில் எழுதினால் பொருந்தாது. `certbot` தமிழ்ப் பெயரை ஏற்காது, பியூனிகோட்டில் தரச்சொல்லிக் கேட்கும்.

```
server_name xn--hlca4byf5bt.xn--xkc2al3hye2a;
```

எல்லாம் போட்டு முடிந்தபின் சோதிக்கும்போது xn--ஐ ஒட்டிச் சோதிக்கவேண்டாம். நான் விட்ட பிழை அதுதான், நான் எழுதியதையே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேரிடம் அவரவர் போனில் நொச்சி.இலங்கை என்று தமிழில் தட்டச் சொல்லுங்கள். ஒருவருக்குத் திறந்து இன்னொருவருக்குத் திறக்காவிட்டால், திறக்காதவர் தட்டியதை அப்படியே வாங்கி மேலே உள்ள நிரலில் போட்டு, நாலாவது வரி காட்டுகிற குறியெண்களைப் பாருங்கள். அச்சகத்துக்கும் அந்த ஆறு குறி நொச்சியையே ஒரு கோப்பில் போட்டு அனுப்பிவிடுங்கள். பலகையில் அச்சடிக்க எந்த வடிவமும் ஒன்றுதான், ஆனால் கியூஆர் குறியையும் அவர்களே செய்வதென்றால் அதற்குள் போகிற முகவரி இதுவாகத்தான் இருக்கவேண்டும்.